மின்கலச் சேமிப்பின் சுழற்சித் திறன்

மின்கலச் சேமிப்பின் சுழற்சித் திறன் என்பது, ஒரு மின்கல அமைப்பிற்குள் செலுத்திய மின்னாற்றலில் எவ்வளவு பங்கு பயன்பாட்டிற்குத் திரும்பக் கிடைக்கிறது என்பதைக் காட்டும் விகிதம் ஆகும். 'ரவுண்ட் ட்ரிப் எஃபிசியன்சி' என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். பத்து யூனிட் உள்ளே போய் ஏழு யூனிட் வெளியே வந்தால் திறன் 70 விழுக்காடு. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கணக்குத் தொடங்கியபோது மின்கலம் எந்த அளவுக்கு நிரம்பியிருந்ததோ, முடியும்போதும் அதே அளவுக்கு நிரம்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது பாதிக் கணக்கு.

எந்த இரண்டு இடங்களுக்கு இடையே அளக்கிறோம் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைச் சொல்ல வேண்டும். மின்கலத்தின் இரு முனைகளில் மட்டும் அளந்தால் ஒரு விடை வரும். வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் தொடங்கி மின்விசிறி வரை அளந்தால் அதைவிட மிகக் குறைந்த விடை வரும். விற்பனைத் தாள்களில் பெரும்பாலும் முதல் எண்ணே இருக்கும். மின்கட்டணம் கட்டுபவருக்கு உரியது இரண்டாவது எண்.

== ஒரு வீட்டின் கணக்கு ==

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்பற்றாக்குறைதான் இன்வெர்ட்டரைச் சிற்றூர் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்திற்கும் மேல் மின்சாரம் இல்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சங்கராபுரம் போன்ற ஊர்களில் அன்று வாங்கிய இன்வெர்ட்டர்களில் பல, பேட்டரி மட்டும் ஓரிரு முறை மாற்றப்பட்டு, இன்னும் கூடத்து மூலையில் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்கிடலாம். கீழே உள்ள எண்கள் இத்தகைய கருவிகளுக்கு வழக்கமானவை. கருவிக்குக் கருவி இவை சற்று மாறும்.

வீட்டில் 900 வி.ஏ. இன்வெர்ட்டர் ஒன்றும், 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட டியூபுலர் பேட்டரி ஒன்றும் உள்ளன. மூன்று மணி நேரம் மின்சாரம் நிற்கிறது. அப்போது 70 வாட் மின்விசிறி இரண்டும், 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு இரண்டும் ஓடுகின்றன. மொத்தம் 180 வாட். மூன்று மணி நேரத்திற்கு 540 வாட்-மணி, அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். வீட்டாருக்குக் கிடைத்த பயன் இவ்வளவே. இதைக் கொடுக்கச் சுவர் பிளக்கிலிருந்து எவ்வளவு எடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

இன்வெர்ட்டர் 12 வோல்ட் நேர்மின்சாரத்தை 230 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றும்போது 82 விழுக்காட்டைத்தான் வெளியே விடுகிறது என்று கொள்வோம். அப்படியானால் 540 வாட்-மணியைக் கொடுக்க, பேட்டரி 659 வாட்-மணியைக் கொடுக்க வேண்டும். மின்னிறக்கத்தின்போது பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் 12.1 வோல்ட். ஆகவே வெளியேறிய மின்னூட்டம் ஏறத்தாழ 54.4 ஆம்பியர்-மணி. பேட்டரியின் கொள்ளளவில் இது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்.

மின்சாரம் திரும்பி வந்ததும் இந்த 54.4 ஆம்பியர்-மணியை மீண்டும் நிரப்ப வேண்டும். ஈய-அமில மின்கலத்தில் உள்ளே செலுத்தும் மின்னூட்டத்தில் சுமார் 88 விழுக்காடே தேங்கும் என்று வைத்துக்கொண்டால், 61.8 ஆம்பியர்-மணி செலுத்த வேண்டியிருக்கும். செலுத்தும் மின்னழுத்தமும் 12.1 வோல்ட்டாக இருக்க முடியாது. அது சராசரியாக 13.9 வோல்ட். ஆக பேட்டரி முனைகளில் 859 வாட்-மணி. மின்னேற்றியின் திறன் 80 விழுக்காடு என்றால் சுவர் பிளக்கிலிருந்து 1,074 வாட்-மணி.

540-ஐ 1,074-ஆல் வகுத்தால் 50 விழுக்காடு வருகிறது. பேட்டரி நிரம்பிய பின்பும் இன்வெர்ட்டர் அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நாளின் எஞ்சிய பன்னிரண்டு மணி நேரத்திற்குச் சுமார் 10 வாட் வீதம் மேலும் 120 வாட்-மணி போகிறது. அதையும் சேர்த்தால் 1,194 வாட்-மணி செலவு, 540 வாட்-மணி வரவு. திறன் 45 விழுக்காடு. பாதிக்கும் மேற்பட்ட மின்சாரம் வழியிலேயே போய்விடுகிறது. அது எங்கே போகிறது என்பதை இனிப் பார்க்கலாம்.

== மின்னேற்றியில் போவது ==

இழந்த 654 வாட்-மணியில் மிகப் பெரிய பங்கு, சுமார் 215 வாட்-மணி, மின்னேற்றியில் போகிறது. பேட்டரிதான் மின்சாரத்தை விழுங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தக் கணக்கில் பேட்டரியின் இழப்பு அதைவிடச் சற்றுக் குறைவு.

வழக்கமான வீட்டு இன்வெர்ட்டருக்குள் கனமான இரும்பு உள்ளக மின்மாற்றி ஒன்று இருக்கிறது. பெட்டியைத் தூக்க முடியாமல் செய்வது அதுதான். மின்சாரம் இல்லாதபோது 12 வோல்ட்டை 230 ஆக உயர்த்துவதும், மின்சாரம் வந்ததும் 230-ஐக் குறைத்து பேட்டரியை நிரப்புவதும் அந்த ஒரே மின்மாற்றி. அதன் இரும்பு உள்ளகம் நொடிக்கு ஐம்பது முறை காந்தமேற்றப்பட்டுச் சூடாகிறது. செம்புச் சுருளில் பாயும் மின்னோட்டம் இன்னொரு சூட்டைத் தருகிறது. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும் குறைகடத்திகளும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. மின்சாரம் வந்த முதல் இரண்டு மணி நேரத்தில் பெட்டியின் மேல் கை வைத்தால் தெரியும் வெதுவெதுப்பும், ஓடத் தொடங்கும் சிறு விசிறியின் ஒலியும் இந்த 215 வாட்-மணியின் அடையாளங்கள்.

== மின்கலத்திற்குள் நடப்பது ==

பேட்டரிக்குள் சுமார் 200 வாட்-மணி போகிறது. இது இரண்டு வேறு வழிகளில், ஏறக்குறைய சமமாக நடக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.

முதலாவது மின்னழுத்த வேறுபாடு. 13.9 வோல்ட்டில் உள்ளே தள்ளிய ஒவ்வோர் ஆம்பியர்-மணியும் 12.1 வோல்ட்டில்தான் வெளியே வருகிறது. மின்னூட்டம் முழுதாகத் திரும்பினாலும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும்போது, குழாயின் உராய்வையும் வென்றாக வேண்டும் என்பதால், தொட்டியின் உயரத்தைவிடக் கூடுதலான அழுத்தம் தேவைப்படுகிறது. இறங்கும்போது அதே உராய்வு அழுத்தத்தைக் குறைக்கிறது. இங்கே உராய்வின் இடத்தில் இருப்பது மின்கலத்தின் உள்தடையும், தட்டுகளுக்கு அருகில் அமிலத்தின் செறிவு ஏறி இறங்குவதும் ஆகும். மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கினால் இந்த இழப்புக் குறையும். நான்கு விசிறிகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் கூடும்.

இரண்டாவது, தேங்காத மின்னூட்டம். பேட்டரி எண்பது விழுக்காடு நிரம்பும் வரை, உள்ளே வரும் மின்னோட்டம் ஏறத்தாழ முழுவதும் தட்டுகளில் உள்ள ஈய சல்பேட்டை மாற்றுவதற்கே பயன்படுகிறது. அதற்குப் பிறகு மாற்றுவதற்கு மிஞ்சியிருக்கும் சல்பேட்டு குறைவு. வரும் மின்னோட்டத்தின் ஒரு பகுதி அமிலத்தில் உள்ள நீரை ஐட்ரசனாகவும் ஆக்சிசனாகவும் பிரிக்கத் தொடங்குகிறது. மின்னேற்றத்தின் கடைசி மணிநேரங்களில் மூடியருகே காது வைத்தால் கேட்கும் மெல்லிய கொதிப்போசை இதுதான். (ஐட்ரசன் தீப்பற்றக்கூடியது. பேட்டரி இருக்கும் மூலைக்குக் காற்றோட்டம் வேண்டும், அருகில் விளக்கேற்றக் கூடாது.)

== ஊற்றும் நீர் காட்டும் அளவு ==

மேற்சொன்ன இரண்டாவது இழப்பைக் கருவி எதுவும் இல்லாமல் மதிப்பிடலாம். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரின் அளவே போதும். பாரடேயின் மின்னாற்பகுப்பு விதிப்படி, ஓர் ஆம்பியர்-மணி மின்னூட்டம் ஒரு மின்கலத்தில் 0.336 கிராம் நீரைப் பிரிக்கும். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு மின்கலங்கள் தொடராக இருப்பதால், வீணான ஓர் ஆம்பியர்-மணிக்கு ஏறத்தாழ 2 கிராம் நீர் போகும்.

நம் வீட்டில் ஒவ்வொரு சுழற்சியிலும் 61.8-க்கும் 54.4-க்கும் இடையே 7.4 ஆம்பியர்-மணி வீணானது. அது முழுவதும் நீரைப் பிரிக்கச் சென்றிருந்தால் நாளுக்கு 15 மில்லிலிட்டர், மாதத்திற்கு ஏறக்குறைய 450 மில்லிலிட்டர். திருப்பிச் சொன்னால், ஊற்றும் ஒவ்வொரு லிட்டர் நீரும் சுமார் 500 ஆம்பியர்-மணி வீணானதைக் காட்டுகிறது. மின்னேற்றி இழப்பையும் சேர்த்தால் பிளக்கில் அது எட்டரை யூனிட்டுக்கு மேல். நீரில் ஒரு சிறு பகுதி வெறுமனே ஆவியாகவும் போகும் என்பதால் இது தோராயமான மதிப்பே. ஆனாலும் சென்ற ஆண்டு மூன்று மாதத்திற்கு ஒரு லிட்டர் குடித்த பேட்டரி, அதே பயன்பாட்டில் இந்த ஆண்டு மாதம் ஒரு லிட்டர் குடித்தால் இழப்பு பெருகிவிட்டது என்பதில் ஐயமில்லை.

அப்படிப் பெருகுவதற்கு வெயிலும் ஒரு காரணம். பேட்டரி சூடானால் அதே மின்னழுத்தத்திற்கு அதிக வாயு வெளியேறும். அதனால் வெப்பநிலை ஒரு பாகை கூடும்போது மின்கலத்திற்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை மின்னேற்ற அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். 25 பாகைக்கு அமைத்த கருவி சித்திரை மாதத்தில் 40 பாகையில் வேலை செய்யும்போது, ஆறு மின்கலங்களுக்கும் சேர்த்து 0.27 முதல் 0.45 வோல்ட் வரை குறைத்திருக்க வேண்டும். விலை குறைந்த பல இன்வெர்ட்டர்களில் வெப்பநிலையை உணரும் ஏற்பாடே இல்லை. கோடையில் நீர் சீக்கிரம் வற்றுவதற்கு வெளிக்காற்றின் சூட்டைவிட இந்தக் கூடுதல் அழுத்தமே பெரிய காரணம்.

== மின்சாரம் இல்லாத வேளையில் ==

பேட்டரியிலிருந்து விசிறிக்குத் திரும்பும் வழியில் 119 வாட்-மணி போகிறது. இதில் ஒரு பகுதி சுமைக்கேற்ப ஏறும். இன்னொரு பகுதி, மின்மாற்றியையும் சுற்றுகளையும் உயிரோடு வைத்திருக்கும் 15 வாட் போன்ற நிலையான செலவு. 180 வாட் சுமைக்கு அது பெரிதாகத் தெரியாது. இரவு முழுவதும் 20 வாட் விளக்கு ஒன்றை மட்டும் எரித்தால், அந்த விளக்குக்காகப் பேட்டரி 35 வாட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கும். சிறிய சுமைக்குப் பெரிய இன்வெர்ட்டர் வாங்கியவர்கள் இழப்பது இங்கேதான்.

கல்வராயன் மலையில் உள்ளது போன்ற சிற்றூர்களில் சூரியத் தெருவிளக்கு வைத்தால் இந்த இரண்டு இழப்புகளும் இல்லை. பலகையிலிருந்து பேட்டரிக்கும், பேட்டரியிலிருந்து எல்.இ.டி. விளக்குக்கும் நேர்மின்சாரமாகவே செல்வதால், மாறுமின்சாரமாக மாற்றி மீண்டும் மாற்றும் வேலை மிச்சம். அங்கே எஞ்சுவது மின்கலத்தின் இழப்பும் கட்டுப்படுத்தியின் சிறு இழப்பும்தான்.

இணைப்புக் கம்பியின் இழப்பு பொதுவாகப் பொருட்படுத்தத் தக்கதல்ல. 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 18 ஆம்பியர் பாய்ந்தால், போக வர இரண்டு மீட்டருக்கு ஒரு வாட் கூடப் போகாது. ஆனால் பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய், இணைப்பின் தடை 20 மில்லிஓம் ஆகிவிட்டால், அங்கே மட்டும் ஆறு வாட்டுக்கு மேல் சூடாகும், 0.36 வோல்ட் குறையும். பேட்டரியில் மின்னூட்டம் இருக்கும்போதே இன்வெர்ட்டர் 'லோ பேட்டரி' என்று கத்தி நின்றுவிடும். விசிறி ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தூணிலும் மறு முனையை அதன்மேல் இறுக்கிய கம்பி முனையிலும் வைத்தால், நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்டே காட்ட வேண்டும். பல குடும்பங்கள் புதிய பேட்டரி வாங்கிய பிறகுதான், பழையதற்கு உப்புத்தாளும் வெந்நீரும் போதுமானதாக இருந்தன என்பதை அறிகின்றன.

== மின்வெட்டு இல்லாத நாட்கள் ==

இன்று அதே வீட்டில் மூன்று மணி நேர மின்வெட்டு தினமும் வருவதில்லை. ஒரு நாளில் அரை மணி நேரம் ஒரு விசிறி ஓடினால் கிடைக்கும் பயன் 35 வாட்-மணி. பேட்டரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் 10 வாட் செலவோ நாள் முழுவதும் தொடரும். அது மட்டுமே நாளுக்குக் கால் யூனிட். நிரப்பும் செலவையும் சேர்த்தால் அன்றைய சுழற்சித் திறன் பத்து, பன்னிரண்டு விழுக்காட்டைத் தாண்டாது. மின்வெட்டே இல்லாத நாளில் அது சுழி.

10 வாட் ஆண்டுக்கு 88 யூனிட் ஆகிறது. இரண்டு மாதக் கணக்கில் பதினைந்து யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கான கட்டணமும் மாறிவிடும். எனவே 490-இல் நிற்கும் வீட்டிற்கு இந்தப் பதினைந்து யூனிட் அதன் சொந்த விலையைவிட அதிகமாகச் செலவு வைக்கும். அதற்காக இன்வெர்ட்டரை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதும் சரியாகாது. ஈய-அமில மின்கலம் தானாகவே மெல்ல இறங்கும். இறங்கிய நிலையில் கிடந்தால் ஈய சல்பேட்டு கெட்டிப் படிகமாகி, மீண்டும் மின்னேற்றத்திற்கு இணங்காது.

அப்படிப் பாதிக்கப்பட்ட பேட்டரியின் நடத்தை ஏமாற்றக்கூடியது. மின்னேற்றம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டி, 'நிரம்பிவிட்டது' என்ற விளக்கு எரியும். உண்மையில் உயர்ந்தது உள்தடையால் வந்த அழுத்தம். அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை அமிலத்தில் விட்டால் 1.240-க்கு அருகில் வர வேண்டியது 1.180-இல் நிற்கும். பேட்டரி சூடாகும், நீர் வற்றும், மின்வெட்டில் அரை மணி நேரம் தாங்காது.

== வீட்டில் அளப்பது ==

பிளக்கில் செருகும் சிறிய யூனிட் மீட்டர் இரண்டு இருந்தால் சுழற்சித் திறனை வீட்டிலேயே அளக்கலாம். ஒன்று இன்வெர்ட்டர் உள்ளீட்டில், மற்றொன்று அதன் வெளியீட்டில். கவனிக்க வேண்டியது என்னவென்றால், மின்சாரம் இருக்கும்போது இன்வெர்ட்டர் வெளிமின்சாரத்தை அப்படியே விசிறிக்குக் கடத்திவிடும். அதையும் வரவாக எண்ணினால் திறன் 90 விழுக்காட்டுக்கு மேல் வந்து மனம் மகிழும். ஆகவே மின்சாரம் இருக்கும் நேரத்தில் வெளியீட்டுச் சுமைகளை அணைத்துவைக்க வேண்டும், அல்லது அந்நேரத்தில் வெளியீட்டு மீட்டர் காட்டும் யூனிட்டை இரு பக்கத்திலிருந்தும் கழிக்க வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் மலிவு மீட்டர்கள் தவறாகவும் காட்டும்.

ஒரே சுழற்சியை அளப்பதும் நம்பத் தக்கதல்ல. பேட்டரி 95 விழுக்காட்டில் நின்றுவிட்டால் வரவு பெரிதாகத் தெரியும். ஹைட்ரோமீட்டர் அளவு தொடக்கத்தில் இருந்த அதே இடத்திற்குத் திரும்பியதை உறுதிசெய்துகொண்டு, ஒரு வாரத்தின் மொத்தத்தை மொத்தத்தால் வகுப்பதே சரியான முறை.

== பெரிய நிலையங்கள் ==

மின்தொகுப்பில் இணைக்கும் பெரிய மின்கல நிலையங்களிலும் இதே இழப்புகளே உள்ளன, அளவுகள்தான் வேறு. சங்கராபுரத்திற்கு ஓரளவு அருகில் உள்ள எடுத்துக்காட்டு புதுச்சேரியில் பவர்கிரிட் நிறுவனம் 2017-இல் சோதனை முயற்சியாக இயக்கத் தொடங்கியது. அங்கு மேம்பட்ட ஈய-அமில மின்கலமும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு மின்கலமும் தலா 500 கிலோவாட் அளவில் ஒரே இடத்தில் வைக்கப்பட்டன.

லித்தியம் மின்கலத்தில் நீர் பிரிவது போன்ற பக்க வினை மிகக் குறைவு. செலுத்திய மின்னூட்டத்தில் 99 விழுக்காட்டுக்கு மேல் திரும்பும். ஏற்றும் அழுத்தத்திற்கும் இறங்கும் அழுத்தத்திற்கும் இடையேயான வேறுபாடும் சிறியது. மின்கல முனைகளில் 95 விழுக்காடு என்று கொள்ளலாம். மின்மாற்றியில் போக வர தலா ஒரு விழுக்காடும், மின்மாற்றுக் கருவியில் தலா இரண்டரை விழுக்காடும் போனால், நூறு யூனிட்டுக்கு எண்பத்தெட்டரை யூனிட் திரும்பும். மின்கலப் பெட்டகங்களைக் குளிர்விக்கும் கருவிகளுக்கு மேலும் 3 யூனிட் செலவானால், திறன் 86 விழுக்காடு. கோடையில் குளிர்விப்புச் செலவு 5 யூனிட் ஆனால் 84.3.

இந்த ஒன்றரை விழுக்காட்டுக்குப் பணமதிப்பு உண்டு. மத்திய மின் அமைச்சகம் 2022 மார்ச்சில் வெளியிட்ட கொள்முதல் வழிகாட்டுதல்களின்படி, மாதச் சராசரியாக 85 விழுக்காடு சுழற்சித் திறனை நிலையம் காட்ட வேண்டும். 70-க்கும் 85-க்கும் இடையே இருந்தால் கூடுதல் இழப்பிற்கான மின்சாரத்தின் விலையை நிறுவனம் ஈடுகட்ட வேண்டும். 70-க்குக் கீழே போனால் அதனுடன் அம்மாதக் கட்டணமும் கிடைக்காது. 85-ஐத் தாண்டினால் கூடுதலாகக் கொடுத்த யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை. நாளொன்றுக்கு ஒரு லட்சம் யூனிட் வாங்கும் நிலையம் 84.3-இல் நின்றால், மாதத்தில் 21,000 யூனிட்டுக்கு ஈடு கொடுக்க நேரும். குளிர்விக்கும் கருவிகளின் மின்சாரம் இந்தக் கணக்கில் சேருமா, தனி மீட்டரில் போகுமா என்பதை ஒப்பந்தமே முடிவுசெய்கிறது. வெவ்வேறு நிலையங்களின் எண்களை ஒப்பிடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நிலையம் எவ்வளவு பயன்படுகிறது என்பதும் இங்கே தலைகாட்டுகிறது. ஒரு நாளில் இரண்டு சுழற்சி இயங்கும் நிலையத்தில் குளிர்விப்புச் செலவு இரண்டுக்கும் பங்கிடப்படும். ஒரே சுழற்சி இயங்கினால் அதன் பெரும்பகுதி ஒன்றின் தலையிலேயே விழும். மின்வெட்டு இல்லாத நாளில் வீட்டு இன்வெர்ட்டர் பிடிக்கும் 10 வாட் எந்த வகையோ, இதுவும் அதே வகை.